மூன்று இடத்தில் இருந்த கணக்கு

ஜூலை 29, திங்கட்கிழமை. காலை பத்தரைக்கு அந்த ஆபீசிலிருந்து போன் வந்தது. ஈரோட்டில் ஜிஎஸ்டி கணக்கு பார்த்துக் கொடுக்கும் சின்ன ஆபீஸ். ஐந்து பேர், ஐந்து கம்ப்யூட்டர், எண்பது சொச்சம் பார்ட்டிகள். கம்ப்யூட்டரில் ஏதாவது கோளாறு என்றால் என்னைக் கூப்பிடுவார்கள்.

"நூல் வியாபாரம் பண்றாரே, அந்தப் பார்ட்டியோட ஃபோல்டரையே காணோம் தம்பி. ஆடிட்டர் போன வருஷத்து பில்லெல்லாம் கேட்கறார். நீங்க வந்து எடுத்துக் குடுத்துட்டுப் போங்க. நமக்குத்தான் மூணு இடத்துல இருக்கே" என்றார் ஆபீஸ் உரிமையாளர். குரலில் பதற்றமே இல்லை.

அவர் சொன்ன மூன்று இடம் உண்மைதான். மேஜைக்கு அடியில் ஒரு நாஸ் பெட்டி இருக்கிறது. ஆபீஸ் முழுவதற்கும் பொதுவான டிஸ்க் பெட்டி அது. அதற்குள் ஒரே அளவுள்ள இரண்டு டிஸ்க்குகள். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். மூன்றாவது இடம் கூகுள் டிரைவ். நாஸில் உள்ள ஃபோல்டர்கள் அங்கேயும் சிங்க் ஆகும், அங்கிருந்து ஊழியர்களின் லேப்டாப்களுக்கும் இறங்கும். எனக்கு முன்னால் இருந்தவர் செய்து வைத்த ஏற்பாடு. மூன்று இடம் என்று கேட்டதும் நானும் சரி என்று விட்டுவிட்டேன். உள்ளே போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

அன்று பார்த்தபோது மூன்று இடத்திலும் ஃபோல்டர் இல்லை. லேப்டாப்களிலும் இல்லை. கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியிலும் இல்லை. டிரைவின் செயல்பாட்டுப் பட்டியலைத் திறந்தால் விவரம் ஒற்றை வரியில் இருந்தது: ஜூன் 11, மாலை 5.40, ஃபோல்டர் நீக்கப்பட்டது.

நீக்கிய பெண்ணுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. லேப்டாப்பில் இடம் நிறைந்து சிவப்புக் கோடு காட்டியிருக்கிறது. பெரிய ஃபோல்டராகத் தேடியதில் 2023-24 முடிந்துபோன இந்தப் பார்ட்டி கண்ணில் பட்டிருக்கிறது. "சர்வர்ல இருக்குதுன்னு தானுங்கண்ணா அழிச்சேன். என் லேப்டாப்ல இருக்கற காப்பிய மட்டுந்தான் அழிக்கறோம்னு நெனச்சேன்" என்றாள். இடம் வேண்டும் என்பதால் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்திருக்கிறாள்.

அவள் நினைத்ததில் குற்றம் காண முடியாது. நம் எல்லோருக்கும் காப்பி என்றால் ஜெராக்ஸ்தான். ஜெராக்ஸைக் கிழித்தால் அசல் அப்படியே இருக்கும். சிங்க் அப்படிப்பட்டதல்ல. ஒரே அறைக்கு ஐந்து ஜன்னல் வைத்தது போன்றது. எந்த ஜன்னல் வழியாகக் கை நீட்டி எடுத்தாலும் பொருள் அறையிலிருந்தே போய்விடுகிறது. சிங்க்குக்குக் கொடுக்கப்பட்ட வேலை ஒன்றுதான்: எல்லா இடமும் எப்போதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓர் இடத்தில் புதிய பில் வந்தால் எல்லா இடத்துக்கும் அனுப்பும். ஓர் இடத்தில் பில் காணாமல் போனால் எல்லா இடத்திலும் காணாமல் போகச் செய்யும். இரண்டும் அதற்கு ஒரே வேலை. அழித்தது வேண்டுமென்றா, தெரியாமலா என்று அதற்குத் தெரியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்ததை வரிசையாகப் பார்த்தால் இது புரியும். லேப்டாப்பில் அழிந்தது. இணையம் நன்றாக இருந்ததால் சிறிது நேரத்தில் டிரைவிலும் நீங்கி, அங்குள்ள குப்பைத் தொட்டிக்குப் போனது. டிரைவில் நீங்கியதைப் பார்த்து நாஸும் தன் பங்குக்கு அழித்தது. நாஸுக்குள் முதல் டிஸ்க்கில் அழிந்தது அதே நொடியில் இரண்டாவது டிஸ்க்கிலும் அழிந்தது. நாஸிலேயே ஒரு ரீசைக்கிள் பின் வைத்துக்கொள்ள வசதி உண்டு. அதை யாரும் போட்டு வைக்கவில்லை. எந்த இடத்திலும் எதுவும் பழுதாகவில்லை. எல்லாம் சொன்னபடி வேலை செய்தன.

மிச்சம் இருந்தது டிரைவின் குப்பைத் தொட்டி மட்டும். அதில் விழுந்தது 30 நாள் இருக்கும், பிறகு தானாக அழிந்துவிடும். ஜூலை 11-ஆம் தேதியோடு அந்தக் கெடு முடிந்தது. ஃபோல்டரைக் காணோம் என்று தெரிந்ததோ 48-ஆம் நாள். கணக்கு ஆபீசில் இது சகஜம். முடிந்த வருஷத்து ஃபோல்டரை ஆடிட்டரோ, நோட்டீஸோ வரும்வரை யாரும் திறப்பதில்லை. இன்றைக்குச் செய்த தவறு ஒன்றரை மாதம் கழித்தோ ஒரு வருஷம் கழித்தோதான் கண்ணுக்குத் தெரியும்.

பேக்கப் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பது இங்கேதான் பிடிபடுகிறது. சிங்க்குக்கு இன்று மட்டுமே தெரியும். பேக்கப் என்பது கடந்துபோன ஒரு நாளை அப்படியே எடுத்து, இன்றைய வேலை தொட முடியாத இடத்தில் வைப்பது. மே 31-ஆம் தேதி மாலை எடுத்த நகல் ஒன்று அந்த ஆபீசில் தனியாக இருந்திருந்தால், ஜூன் 11-இல் நடந்தது எதுவும் அதற்குத் தெரிந்திருக்காது. அதற்குத் தெரியாமல் இருப்பதுதான் நமக்கு வேண்டியது.

ஒரு ஃபோல்டர் போனதை அழிப்பு என்று பார்த்தோம். அழிப்பைவிட மோசமானது, ஃபைல் இருந்துகொண்டே உள்ளே கெட்டுப்போவது. எக்செல்லில் யாரோ ஒரு பத்தியை மட்டும் வரிசைப்படுத்திவிட்டு சேவ் செய்தால், பார்ட்டி பெயர் ஒரு பக்கமும் தொகை ஒரு பக்கமும் போய்விடும். ரான்சம்வேர் புகுந்தால் எல்லா ஃபைலையும் பூட்டுப் போட்டுத் திரும்ப எழுதும். இரண்டையுமே சிங்க் வெறும் மாற்றமாகத்தான் பார்க்கும். உடனே எல்லா இடத்துக்கும் எடுத்துப் போகும். டிரைவ் பழைய பதிப்புகளையும் கொஞ்ச நாள் வைத்திருக்கும் என்பது உண்மை. எக்செல், பிடிஎஃப் போன்ற ஃபைல்களுக்கு அதுவும் 30 நாள் அல்லது 100 பதிப்பு என்ற வரம்புக்கு உட்பட்டது. சின்னத் தவறை அன்றே பார்த்துவிட்டால் கைகொடுக்கும். அதை நம்பி ஓர் ஆபீஸை நடத்த முடியாது.

இனி நாஸுக்குள் இருந்த இரண்டு டிஸ்க். இதுதான் ரெப்ளிகேஷனின் மிக எளிய வடிவம். பெரிய இடங்களில் ஒரு சர்வரில் எழுதுவது வேறொரு சர்வரிலும் அடுத்தடுத்து எழுதப்படும். நம் ஊர் ஆபீசில் ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க். நோக்கம் ஒன்றே. ஒன்று செத்தால் மற்றது அந்த நொடியே வேலையைத் தொடர வேண்டும். இதன் அருமையை இதே ஆபீசில் நேரில் பார்த்தவன் நான். அந்த வருஷம் மே மாதம் ஒரு காலை நாஸ் கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. ஒரு டிஸ்க் போய்விட்டது. ஊழியர்கள் ஐந்து பேரும் அன்று முழுக்க வழக்கம்போல் பில் போட்டார்கள். மாலையில் புதிய டிஸ்க்கைச் செருகினேன். இரவோடு இரவாக அது தன்னை நிரப்பிக்கொண்டது. ஒரு மணி நேர வேலைகூட நிற்கவில்லை.

பேக்கப்பால் இதைச் செய்ய முடியாது. அந்த ஆபீசில் மொத்தம் 40 ஜிபி இருக்கிறது. பேக்கப் இணையத்தில்தான் இருக்கிறது, வரும் வேகம் 20 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொண்டால், முழுவதையும் இறக்க நாலரை மணி நேரம் ஆகும். அதற்கு முன்னால் புது டிஸ்க் வாங்கி வரவேண்டும். இருபதாம் தேதி, ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளன்று அந்த அரை நாள் பெரிய விஷயம். ஆகவே ரெப்ளிகேஷன் வீண் செலவு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இயந்திரம் செத்தால் காப்பாற்றுவது அதன் வேலை. மனிதன் தவறினால் காப்பாற்றுவது அதன் வேலை அல்ல.

இதைப் பெரிய அளவில் உலகமே பார்த்த நாள் ஒன்று உண்டு. 2017 ஜனவரி 31. புரோகிராமர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் கிட்லேப் என்ற நிறுவனத்தில் இரண்டு டேட்டாபேஸ் சர்வர்கள் இருந்தன. ஒன்று முதன்மை, மற்றது அதைப் பின்தொடரும் ரெப்ளிகா. அன்று இரவு ரெப்ளிகா பின்தங்கி நின்றுபோனது. அதைக் காலி செய்துவிட்டு முதலிலிருந்து நிரப்பலாம் என்று ஓர் இன்ஜினீயர் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். கொடுத்தது முதன்மை சர்வரில். ஓரிரு நொடியில் தவறு தெரிந்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி.

ரெப்ளிகாவை ஏற்கெனவே காலி செய்திருந்தார்கள். சரி, பேக்கப்பை எடுப்போம் என்று போனால், தினசரி பேக்கப் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பேக்கப் எடுக்கும் புரோகிராமின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் பொருந்தாததால் அது ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களை மெயில் சர்வர் ஏற்காமல் தள்ளிவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் கைகொடுத்தது, வேறொரு சோதனைக்காக அதே இன்ஜினீயர் ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாகக் கையால் எடுத்து வைத்த ஒரு நகல். அந்த ஆறு மணி நேரத்தில் பதிவானவை போயின. நடந்தது அனைத்தையும் அந்த நிறுவனமே ஒளிக்காமல் வெளியிட்டது. அதனால்தான் நாம் இன்று அதிலிருந்து கற்க முடிகிறது.

நம் சின்ன ஆபீஸ்களில் இதே பள்ளம் வேறு உருவில் இருக்கிறது. பவானியில் ஓர் ஆபீசில் டெஸ்க்டாப்பில் "பேக்கப்" என்று பெயரிட்ட ஐகான் ஒன்று இருந்தது. தினமும் மாலை ஆறு மணிக்கு அதைத் தட்டிவிட்டுத்தான் கிளம்புவார்கள். உள்ளே இருந்தது இந்த ஒரு வரி:

```
robocopy D:\Accounts E:\Backup /MIR
```

`robocopy` விண்டோஸிலேயே வரும் நல்ல கருவி. சிக்கல் `/MIR` என்ற கடைசிச் சொல்லில் இருக்கிறது. மிரர், அதாவது கண்ணாடி. `D:` டிரைவில் இருப்பதை `E:` டிரைவுக்குக் கொண்டு போவதோடு நிற்காது. `D:`-இல் இல்லாதது எதுவும் `E:`-இலும் இருக்கக் கூடாது என்று அழித்துவிடும். காலையில் யாரோ தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்திருந்தால், மாலை ஆறு மணிக்கு ஐகானைத் தட்டும் கைதான் அதன் கடைசி நகலையும் அழிக்கும். பெயர் பேக்கப், நடப்பது சிங்க். அந்த வரியை இப்படி மாற்றினோம்:

```
$d = Get-Date -Format yyyy-MM-dd
robocopy D:\Accounts "E:\Backup\$d" /E
```

இப்போது ஒவ்வொரு நாளும் அன்றைய தேதியிட்ட புதிய ஃபோல்டரில் போய் விழுகிறது. நேற்றைய ஃபோல்டரை இன்றைய கட்டளை தொடுவதில்லை. முதல் வரி பவர்ஷெல் வரி என்பதால், இதைப் பவர்ஷெல்லில்தான் ஓட்ட வேண்டும்.

உங்கள் ஆபீசில் இருப்பது எது என்று அறிய புரோகிராம் எதையும் படிக்கத் தேவையில்லை. சோதனை என்று ஒரு சின்ன ஃபைல் உருவாக்கி, "ஒன்று" என்று எழுதி சேவ் செய்யுங்கள். ஒரு நாள் விட்டு, அதையே திறந்து "இரண்டு" என்று மாற்றுங்கள். மூன்றாம் நாள் அழித்துவிடுங்கள். நான்காம் நாள், பேக்கப் என்று நீங்கள் நம்பும் இடத்துக்குப் போய் "ஒன்று" என்று எழுதிய ஃபைலைத் தேடுங்கள். கிடைத்தால் அது பேக்கப். "இரண்டு" மட்டும் கிடைத்தால் அரைகுறை. ஃபைலே இல்லையென்றால், அல்லது குப்பைத் தொட்டியில் மட்டும்தான் கிடக்கிறது என்றால், உங்களிடம் இருப்பது சிங்க்கோ ரெப்ளிகேஷனோதான்.

டேலி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். டேலி டேட்டா ஃபோல்டரையே கூகுள் டிரைவுக்குள் வைத்து, இரண்டு இடத்திலிருந்து வேலை செய்யும் ஆபீஸ்கள் பல பார்த்திருக்கிறேன். ஒரு கம்பெனியின் கணக்கு ஒற்றை ஃபைல் அல்ல. பல ஃபைல்கள் ஒன்றையொன்று நம்பி இருக்கின்றன. ஒரு வவுச்சர் போட்டாலே அவற்றில் சில சேர்ந்து மாறும். சிங்க்குக்கு அந்த உறவு தெரியாது, ஒவ்வொன்றாக எடுத்துப் போகும். பாதி ஏறிய நிலையில் மறுபக்கம் ஒருவர் திறந்தால், புதிய ஃபைல் சிலவும் பழைய ஃபைல் சிலவும் கலந்த கணக்கு அவர் கையில் இருக்கும். சில நேரம் கம்பெனி திறக்காது. சில நேரம் திறந்துவிடும், அது இன்னும் ஆபத்து. டேலிக்குள்ளேயே `Alt+Y` அழுத்தினால் பேக்கப் எடுக்கும் வசதி இருக்கிறது. எல்லோரும் டேலியை மூடிய பிறகு அதில் எடுத்து, தேதியிட்ட ஃபோல்டரில் வைப்பதே சரி. அப்படி எடுத்த பேக்கப் ஃபைலை டிரைவில் ஏற்றினால் தப்பில்லை.

ஈரோட்டு ஆபீஸின் கதைக்கு வருகிறேன். ஜனவரியில் ஒரு லேப்டாப்பை ஃபார்மட் செய்யும் முன், அதில் இருந்ததை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் போட்டுப் பீரோவில் வைத்திருந்தார்கள். யாரும் அதை பேக்கப் என்று அழைக்கவில்லை. நூல் பார்ட்டியின் ஃபோல்டர் அதில் ஜனவரி வரை முழுதாக இருந்தது. பிப்ரவரி, மார்ச் இரண்டு மாத பில்கள் மட்டும் எங்கும் இல்லை. பார்ட்டியின் குடோனில் போய்க் காகித பில்களை எடுத்து வந்து, இரண்டு பேர் உட்கார்ந்து மறுபடி ஸ்கேன் செய்து, எக்செல் ஒப்பீட்டைத் திரும்பப் போட ஒன்பது நாள் ஆனது.

இப்போது அங்கே ஒரே அளவில் இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க்குகள் இருக்கின்றன, 2 டிபி. மார்க்கர் பேனாவால் 'அ', 'ஆ' என்று எழுதியிருக்கிறோம். தினமும் மாலை நடப்பு வருஷத்து டேட்டா, சுமார் 5 ஜிபி, தேதியிட்ட ஃபோல்டரில் ஏறும். மாதக் கடைசியில் பழைய வருஷங்களும் சேர்த்து 40 ஜிபி முழுவதும் இரண்டு டிஸ்க்கிலும் ஏறும். ஏறி முடிந்ததும் டிஸ்க்கைப் பிடுங்கிவிட வேண்டும். செருகியே வைத்தால் ரான்சம்வேருக்கு அதுவும் இன்னொரு டிரைவ்தான். சனிக்கிழமை 'அ' உரிமையாளர் வீட்டுக்குப் போகும், 'ஆ' ஆபீசுக்கு வரும். தீ, திருட்டு, மின்னல் எது வந்தாலும் இரண்டும் ஒரே கட்டடத்தில் இருக்காது.

எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை டிஸ்க்கின் அளவை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, அந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2023-24-க்கு அது 2030 டிசம்பர் கடைசி வரை. தினசரி நகல்களை ஒரு மாதத்தில் கழித்துவிடலாம். வருஷக் கடைசி நகலைக் கழிக்கக் கூடாது. பார்ட்டி பிரைவேட் லிமிடெட் என்றால் இன்னொரு விதியும் உண்டு: மின்னணு வடிவில் உள்ள கணக்குப் புத்தகங்களின் பேக்கப், இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் இருக்க வேண்டும். முன்பு "அவ்வப்போது" என்றிருந்ததை 2022 ஆகஸ்டில் "தினமும்" என்று மாற்றினார்கள். அப்படிப்பட்ட பார்ட்டிகளுக்கு வீட்டுக்குப் போகும் டிஸ்க் மட்டும் போதாது.

நாஸும் இருக்கிறது, டிரைவும் இருக்கிறது. எதையும் கழற்றவில்லை. நாஸில் ரீசைக்கிள் பின்னைப் போட்டுவிட்டேன். லேப்டாப்பில் இடம் வேண்டும் என்றால் ஃபோல்டரை அழிக்காமல், லேப்டாப்பிலிருந்து மட்டும் இறக்கி டிரைவில் விட்டுவைப்பது எப்படி என்று அந்தப் பெண்ணுக்குக் காட்டினேன். இப்போது மற்றவர்களுக்கு அவள்தான் சொல்லிக் கொடுக்கிறாள்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம் இன்னொரு வேலை நடக்கிறது. ஒரு பார்ட்டியின் பெயரைச் சீட்டு எடுக்கிறார்கள். அந்தப் பார்ட்டியின் போன மாதக் கடைசி பேக்கப்பை, அசல் இருக்கும் கம்ப்யூட்டரில் அல்லாமல் வேறொன்றில், தனி ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்கிறார்கள். அசல் மேலேயே ரீஸ்டோர் செய்தால் இந்த மாதக் கணக்கு அழிந்துவிடும். திறந்ததும் மூன்று விஷயம் பார்க்கிறார்கள்: கடைசி வவுச்சரின் தேதி, டிரயல் பேலன்ஸின் மொத்தம், ஏதாவது ஒரு ஸ்கேன் பில் திறக்கிறதா. மாதக் கடைசியில் எடுத்த பிரின்ட்டோடு தொகை ஒத்துப் போக வேண்டும். பேக்கப் ஃபோல்டரின் அளவையும் நோட்டில் எழுதுகிறார்கள்.

அக்டோபர் மாதத்துக்கு நேராக நோட்டில் ஒரு சிவப்பு வட்டம் இருக்கிறது. செப்டம்பர் 30 நகல் 40 ஜிபிக்குப் பதில் 31 ஜிபிதான் இருந்தது. ஒரு கம்ப்யூட்டரில் டேலியை மூடாமலே கிளம்பியிருக்கிறார்கள். பூட்டியிருந்த ஃபைல்களைத் தாண்டிவிட்டு மற்றதை மட்டும் அது எடுத்திருக்கிறது. அன்று மாலையே மறுபடி எடுத்து, வட்டத்துக்குப் பக்கத்தில் புதிய அளவை எழுதியிருக்கிறாள் அந்தப் பெண்.